கிராமர் ஸ்லைடிலிருந்து ரிவிஷன் நோட்ஸ்

வகுப்பு ஸ்லைடுகளிலிருந்து எழுத்தை மட்டும் எடுக்க பவர்பாயிண்டில் View > Outline View போதும். ஆனால் தனி டெக்ஸ்ட் பாக்ஸில் போட்ட உதாரணங்கள் அதில் வராது. அவற்றை ஸ்லைடைப் பார்த்துத்தான் சேர்க்க வேண்டும்.

அப்புறம், ஒரு விதிக்கு ஒரு பத்தி. தொடங்கிய நேரத்துக்கு சின்ஸ், கால அளவுக்கு ஃபார் என்பது விதி. உதாரணம், 'ஐ ஹேவ் லிவ்ட் இன் கடலூர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்'. நம் பிள்ளைகள் எழுதுவதோ 'ஐ ஆம் லிவிங் இன் கடலூர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்'. 'ஐந்து வருஷமாகக் கடலூரில் இருக்கிறேன்' என்று தமிழில் நிகழ்காலத்தில் சொல்வதால் வினையும் சேர்ந்து தப்பாகிறது. இந்தக் காரணத்தையும் ஒரு வரி எழுதிவையுங்கள். இப்படிப்பட்ட தவறுகள் ஸ்லைடில் பெரும்பாலும் இருக்காது, டீச்சர் திருத்திய நோட்டில்தான் கிடைக்கும். தவறான வாக்கியத்தைக் கோடு போட்டு அடித்தே எழுதுங்கள்; இல்லாவிட்டால் அவசரமாகப் புரட்டும்போது அந்தத் தவறே மனசில் பதிந்துவிடும்.