ஓட்டப்பந்தயப் படத்தில் பின்னணி மங்கல் நிஜமா, ஒட்டியதா? கண்டுபிடிக்கும் முறை

ஓட்ட வீரர் பளிச்சென்று தெரிகிறார், பின்னால் இருக்கும் கூட்டம் முழுக்கக் கிடைக்கோடுகளாக இழுபட்டிருக்கிறது. வீரரோடு சேர்த்து கேமராவைத் திருப்பியபடி மெதுவான ஷட்டரில் எடுத்தால் இப்படி வரும். இதைத்தான் பேனிங் என்கிறோம். சாதாரணமாக எடுத்த படத்தில் பின்னணியை மட்டும் தேர்ந்தெடுத்து, மென்பொருளில் மோஷன் பிளர் போட்டாலும் முதல் பார்வைக்கு இதே தோற்றம் கிடைத்துவிடும். இரண்டையும் பிரித்தறிய, பக்கவாட்டில் எடுத்த ஒரு 100 மீட்டர் ஓட்டப் படத்தை எடுத்துக்கொள்வோம்.

படி 1: கோப்பும் ஷட்டர் வேகமும்

கிடைப்பதில் மிகப் பெரிய அளவுள்ள கோப்பைத் தேடி எடுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படத்தில், கேமரா கோப்போடு பதிந்து வைக்கும் எக்ஸிஃப் தகவல் பெரும்பாலும் நீங்கியிருக்கும். சுருக்கியதில் விளிம்புகளும் கெட்டிருக்கும். மூலக் கோப்பு கிடைத்தால், அந்தத் தகவலைப் படிக்கும் exiftool நிரலில் இந்தக் கட்டளை போதும்:

```
exiftool -ExposureTime -Flash -Model -Software photo.jpg
```

Software என்ற இடத்தில் ஏதாவது எடிட்டிங் மென்பொருளின் பெயர் இருந்தால் உடனே சந்தேகப்பட வேண்டாம். பத்திரிகைப் படங்கள் பெரும்பாலும் வெளிச்சம், நிறம் சரிசெய்யப்பட்டுத்தான் வெளியாகின்றன. நமக்கு வேண்டியது ExposureTime, அதாவது ஷட்டர் திறந்திருந்த நேரம். நம் படத்தில் அது 1/1250 நொடி என்று வைத்துக்கொள்வோம்.

படி 2: இழுபட்ட நீளத்தை அளப்பது

கிம்ப் போன்ற மென்பொருளில் படத்தைத் திறந்து, தூரம் அளக்கும் கருவியை எடுங்கள் (Shift+M). ஓடுபாதையின் வெள்ளைக் கோடுகளில் அளக்காதீர்கள். அவை ஓட்டத்தின் திசையிலேயே நீள்வதால் எவ்வளவு இழுபட்டன என்று தெரியாது. கூட்டத்தில் ஒரு சின்ன ஒளிப்புள்ளியையோ, பாதையைக் குறுக்கே வெட்டும் ஒரு குறியையோ தேடுங்கள். அந்தப் புள்ளி கோடாக நீண்டிருக்கும். அந்தக் கோட்டின் நீளம்தான் நமக்குத் தேவை. நம் படத்தில் அது 105 பிக்சல்.

அடுத்து, பிக்சலை சென்டிமீட்டராக மாற்ற ஓர் அளவுகோல் வேண்டும். தெளிவாகத் தெரியும் ஷூ இருந்தால் அதுவே போதும். பெரியவர்களின் ஷூ ஏறத்தாழ 30 செ.மீ. நீளம். நம் படத்தில் அது 90 பிக்சல் என்றால், 105 பிக்சல் என்பது 35 செ.மீ.

நல்ல வீரர் நொடிக்குச் சுமார் 10 மீட்டர் ஓடுவார். 35 செ.மீ. கடக்க அவருக்கு 0.035 நொடி ஆகும். அதாவது ஷட்டர் ஏறத்தாழ 1/30 நொடி திறந்திருந்தால்தான் இந்த மங்கல் வரும். 1/1250 நொடியில் அவர் கடப்பது 0.8 செ.மீ., படத்தில் இரண்டு மூன்று பிக்சல்தான். 105 எங்கே, 3 எங்கே? ஷூவின் அளவிலோ வேகத்திலோ இருபது விழுக்காடு பிசகினாலும் இந்த இடைவெளி மூடாது. ஒன்று மங்கல் பிறகு சேர்க்கப்பட்டது, அல்லது எக்ஸிஃப் மாற்றப்பட்டது.

வீரர் கேமராவை நோக்கிச் சாய்வாக ஓடிவந்தால் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

படி 3: தரையில் ஊன்றிய பாதம்

எக்ஸிஃப் இல்லாத படத்திலும் இந்தச் சோதனை வேலை செய்யும். எல்லாவற்றிலும் நம்பகமானது இதுதான் என்பேன்.

ஓடும்போது உடல் முன்னே போகிறது. ஆனால் தரையில் ஊன்றிய பாதம் அந்தக் கணத்தில் அசையாமல் நிற்கிறது. முழு வேகத்தில் அது தரையில் இருப்பது நொடியில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். 1/30 நொடி ஷட்டருக்கு அது தாராளம். கேமராவோ உடலோடு சேர்ந்து திரும்புகிறது. ஆகவே உண்மையான பேனிங் படத்தில் ஊன்றிய பாதம் தரையோடு சேர்ந்து, தரை இழுபட்ட அதே அளவுக்கு இழுபட வேண்டும். முகமும் மார்பும் தெளிவு, முழங்காலுக்குக் கீழே போகப் போக மங்கல், ஷூ கிட்டத்தட்ட இரண்டு மடங்கு நீளம்: இப்படித்தான் இருக்கும்.

முன்னே வீசும் காலும் கைகளும் அப்படியே. உடலைவிட வேகமாகவோ மெதுவாகவோ அவை அசைவதால் 1/30 நொடியில் தெளிவாக நிற்க முடியாது. தோளருகே மங்கல் குறைவாகவும் விரல்களில் அதிகமாகவும், கை வீசும் வளைவின் திசையிலும் இருக்க வேண்டும்.

நம் படத்தில் ஊன்றிய ஷூவின் கயிறு முடிச்சு வரை எண்ண முடிகிறது, அதற்கு ஒரு விரல் தள்ளித் தரை 105 பிக்சல் இழுபட்டிருக்கிறது. ஒரே ஷட்டரில் இது நடக்காது. (ஷூவை அளவுகோலாக வைக்க முடிந்ததே இதனால்தான். நிஜ பேனிங் படத்தில் முழங்கால் முதல் கணுக்கால் வரை போன்ற வேறு அளவைத் தேட வேண்டியிருக்கும்.)

இரண்டு கால்களும் காற்றில் இருக்கும் கணமென்றால் பாதத்தை விட்டுவிட்டு கைகளைப் பாருங்கள்.

படி 4: விளிம்பும் நிழலும்

படத்தை 300 விழுக்காடு பெரிதாக்கி, முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவே தெரியும் சிறிய முக்கோண இடைவெளியைப் பாருங்கள். பின்னணியைத் தேர்ந்தெடுப்பவர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான். சுற்றிலும் கோடுகளாக இழுபட்டிருக்க, அந்த முக்கோணத்துக்குள் மட்டும் பார்வையாளர் முகம் தெளிவாக இருந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை.

அடுத்தது நிறக் கசிவு. சிவப்பு பனியனுக்கு இருபுறமும் மங்கலான பின்னணியில் சிவப்புச் சாயம் ஓடியிருக்கிறதா? ஷட்டர் திறந்திருந்த நேரம் முழுக்க உடல் படச்சட்டத்துக்குள் ஒரே இடத்தில் நின்றது என்றால், அதன் நிறம் பக்கத்தில் போக வழியில்லை. வீரரையும் சேர்த்து மொத்தப் படத்துக்கும் மங்கல் போட்டு, மேலே தெளிவான வீரரை வைத்தால்தான் இந்தக் கசிவு வரும்.

நிழலை யாரும் கவனிப்பதில்லை. உடலின் நிழல் உடலோடு சேர்ந்து நகர்வதால், நிஜப் படத்தில் உடல்பகுதி நிழலின் விளிம்பு ஓரளவு தெளிவாகவே நிற்கும். நிழலுக்குள் இருக்கும் தரையின் சொரசொரப்பு மட்டும் இழுபடும். நிழலும் தரையும் ஒன்றாக இழுபட்டிருந்தால், தரையோடு நிழலையும் சேர்த்துப் பிளர் போட்டிருக்கிறார்கள்.

நின்ற இடத்திலிருந்து கேமராவைத் திருப்பும்போது, அசையாத பொருள்கள் அருகில் இருந்தாலும் தூரத்தில் இருந்தாலும் ஏறக்குறைய ஒரே நீளத்துக்கு இழுபடும். வீரருக்கு முன்னால் ஒரு கம்பம் மட்டும் தெளிவாக நின்றால் அதுவும் தடயம். ஆனால் ஓடும் வண்டியிலிருந்து எடுத்த படங்களில் அருகில் இருப்பது அதிகம் இழுபடும், அது இயல்பு.

எங்கே ஏமாறுவோம்

ஃபிளாஷ் அடித்த படத்தில் தெளிவான உருவமும் மங்கலும் ஒரே இடத்தில் வரலாம். ஃபிளாஷ் எரிந்த கணத்தில் ஊன்றிய பாதம் உறைந்து, அதன்மேல் மங்கல் படிந்திருக்கும். அதனால்தான் முதல் கட்டளையிலேயே -Flash கேட்டோம்.

சில செல்பேசிகளில் பின்னணியைத் தானே மங்கலாக்கும் வசதி உண்டு. மேலே சொன்ன தடயங்கள் பலவும் அந்தப் படங்களிலும் தென்படலாம். எடுத்தவருக்கு ஏமாற்றும் எண்ணம் இருந்திருக்காது. Model என்ற இடத்தில் செல்பேசியின் பெயர் இருந்தால், "மங்கல் மென்பொருளால் வந்தது" என்பதோடு முடிவை நிறுத்திக்கொள்ளுங்கள். யார் போட்டார்கள், எதற்கு என்பதைப் படம் சொல்லாது.

வெற்றிக்கோட்டில் எடுக்கும் போட்டோ ஃபினிஷ் படங்களை இந்த முறையில் சோதிக்கவே கூடாது. அந்தக் கேமரா கோட்டின் மேல் ஒரே ஒரு மெல்லிய பட்டையைத் தொடர்ந்து பதிகிறது. படத்தின் ஒவ்வொரு நெடுவரிசையும் வேறு கணம். ஊன்றிய கால் கோட்டின் மேலேயே நின்றால் பாதம் பலகைபோல் நீளும், வேகமாகக் கடந்த கை சுருங்கும். அத்தனை விகாரமும் அங்கே முழுக்க நிஜம்.