பூட்டிக் கிடந்த வீட்டைத் திறக்கும் முன்: எந்தத் தரைக்கு எந்த விளக்குமாறு?

தாயகத்தில் பூட்டிக் கிடக்கும் வீட்டைத் திறக்கப் போகிறவர்கள் துப்புரவுப் பொருள்களைத் தாமே பார்த்து வாங்க வேண்டும்; வாங்கும் முன் தரையைப் பார்க்க வேண்டும். பழைய வீடுகளில் பெரும்பாலும் ஒரே கூரையின் கீழ் மூன்று வகைத் தரையாவது இருக்கும். கூடத்தில் மெழுகேற்றிய சிவப்புச் சீமெந்து, பிற்காலத்தில் சேர்த்துக் கட்டிய அறையிலும் குளியலறையிலும் டைல்ஸ், வெளியே மணல் முற்றமும் சொரசொரப்பான சீமெந்துக் கிணற்றடியும். இவை மூன்றுக்கும் ஒரே கருவியைப் பயன்படுத்தினால் ஏதோ ஒரு தரை கெடும். எங்கள் வீட்டில் கெட்டது கூடத்துத் தரை.

முதலில் கூட்டும் கருவிகள். தென்னை ஈர்க்கில் கட்டிய விளக்குமாறு முற்றத்துக்கு உரியது. ஈர்க்கு தடிப்பானது, வளைந்து கொடுத்து உடனே நிமிரும், நீரைக் குடிக்காது. ஆகவே மணலில் கிடக்கும் சருகை மணலைக் கிளறாமல் ஒதுக்குவதற்கும், கிணற்றடியில் தேங்கிய நீரைத் தள்ளுவதற்கும் அதைவிடப் பொருத்தமானது இல்லை. அதே ஈர்க்கை வீட்டுக்குள் கொண்டுவந்தால் குச்சிகளுக்கு இடையே மென்தூசி அப்படியே தங்கிவிடும், நுனிகளோ மெழுகில் கோடு கிழிக்கும். உள்ளே வேண்டியது பூம்புல்லில் கட்டிய மென்மையான துடைப்பம். அந்தப் புல்லின் பூங்கதிர்கள் மயிர்போல நுண்ணியவை என்பதால் மாவுபோன்ற தூசியையும் வழுவழுப்பான தரையிலிருந்து சேர்த்து எடுக்கும். புதிதாக வாங்கியதில் பூத்துகள் உதிர்ந்துகொண்டே இருக்கும். வெளியே சுவரில் நன்றாகத் தட்டி உதிர்த்த பிறகே உள்ளே எடுக்க வேண்டும். அதை நனைக்கவே கூடாது. நனைந்த கதிர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்தபின் மறுபடி விரிவதில்லை.

இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது தும்புத்தடி. முற்றிய தேங்காயின் மட்டையிலிருந்து எடுக்கும் நீண்ட தும்பு, ஈரத்தைத் தாங்கும், எளிதில் உக்காது. சொரசொரப்பான சீமெந்துக்கும் படிக்கட்டுக்கும் ஏற்றது. பனை மட்டையின் அடியிலிருந்து எடுக்கும் தும்பு இன்னும் விறைப்பானது. பாசி பிடித்த கிணற்றடியைத் தேய்ப்பதற்கு அதில் செய்த தூரிகையே சரி. மெழுகுத் தரையில் பனந்தும்பு படவே கூடாது. தென்னந்தும்பு படலாம், ஆனால் நுனி தேய்ந்து மென்மையான பழைய தும்புத்தடியாக இருக்க வேண்டும்.

இப்போது கடைகளில் நிறைந்திருப்பவை பிளாஸ்டிக் நார்கள். அவற்றில் பொலிபுரொப்பிலீன், நைலோன் என்ற இரண்டையும் பிரித்தறிவது பயன் தரும், ஏனெனில் பார்வைக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். ஒரு நாரை வெட்டி, விரலில் சிறிது சவர்க்காரம் தொட்டுத் தேய்த்து, நீருக்குள் அமிழ்த்தி விட்டுப் பாருங்கள். பொலிபுரொப்பிலீனின் அடர்த்தி நீரைவிடக் குறைவு, சுமார் 0.9 என்பதால் மேலே வந்துவிடும். நைலோனின் அடர்த்தி சுமார் 1.14 என்பதால் மூழ்கும். பொலிபுரொப்பிலீன் நீரை ஏற்காது, நனைந்தாலும் விறைப்புக் குறையாது, ஆகவே குளியலறைக்கு நல்லது. ஆனால் மூலையில் சாய்த்து வைத்தால் வளைந்த பக்கமே நின்றுவிடும். நைலோன் வளைந்தாலும் நிமிரும், நெடுநாள் உழைக்கும், ஆனால் நீரில் ஊறினால் சற்றுத் துவளும். வீட்டுக்குள் உலர்ந்த தூசிக்கு வேண்டுமானால், நார் நுனிகள் பூப்போலப் பிளந்திருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள். நுனி மழுங்கலாக வெட்டப்பட்டிருந்தால் அது தூசியைத் தள்ளுமே தவிரச் சேர்க்காது.

இவ்வளவையும் நான் எழுதுவதற்குக் காரணம், வீட்டின் திறப்பை வைத்திருந்த மாமியின் ஒரு கோரிக்கை. வீட்டில் குடியேற இருந்த உறவினர் குடும்பத்துக்கு நல்ல நாள் பார்த்தாயிற்று என்றும், அதற்குள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும் என்றும் அவர் உறுதியாக நின்றார். "தம்பி, நீங்கள் நாலு நாள் நின்றுவிட்டுப் போய்விடுவீர்கள், பிறகு வருகிறவர்கள் என்னைத்தான் கேட்பார்கள், தரை கண்ணாடி மாதிரி இருக்க வேணும்" என்றார். இத்தனை ஆண்டுகளாக அந்த வீட்டைக் கூட்டியவர் அவர், கூட்டாதவன் நான். மறுத்துப் பேசும் உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. தும்புத்தடியும் மெழுகும் போதும், ஒவ்வோர் அறையாக நானே செய்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அதற்கு நேரமில்லை என்று அவர் ஒரு துப்புரவுக் குழுவுக்கு ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். நான் ஒரு பத்திரத்துக்காக அலுவலகம் போய் வரிசையில் நின்ற காலைப்பொழுதில் அவர்கள் வந்து வேலையைத் தொடங்கிவிட்டார்கள்.

திரும்பி வந்தபோது கூடத்தில் ஒற்றைத் தட்டுச் சுழல் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதன் அடியில் இருந்தது கறுப்பு நிறத் தட்டு. தரைத் தட்டுகளின் நிறம் அழகுக்காக இடப்படுவதில்லை: வெள்ளை மெருகேற்றுவதற்கு, சிவப்பு இலேசான துப்புரவுக்கு, பச்சை அழுத்தித் தேய்ப்பதற்கு, கறுப்பு பழைய பூச்சை முற்றிலும் உரித்து எடுப்பதற்கு. அத்தோடு டைல்ஸ் கறை நீக்கும் அமிலமும் ஊற்றியிருந்தார்கள். குளியலறை டைல்ஸின் மேற்பரப்பு கண்ணாடிப் பூச்சு; அதை அந்த அமிலம் எளிதில் தொடாது. சீமெந்தோ சுண்ணாம்புச் சேர்மங்களால் இறுகி நிற்பது. அமிலம் பட்டதும் நுரைத்துக் கரையும், பிணைப்பு போய் மணல் வெளியே தெரியும். நுரைப்பதை அந்தப் பிள்ளைகள் அழுக்குக் கிளம்புகிறது என்று எண்ணி மேலும் ஊற்றியிருக்கிறார்கள். அம்மா வாரந்தோறும் முழங்காலில் இருந்து பொச்சு மட்டையால் தேய்த்து எடுத்த தரை, இயந்திரம் சுழன்ற வட்டங்களோடு வெளிறிக் கிடந்தது.

சேதம் எவ்வளவு என்று அறிவதற்கு, அயலில் இருந்த வயதான மேசன் ஒருவர் காட்டிய முறை எல்லோருக்கும் பயன்படும். சிவப்புச் சீமெந்துத் தரை என்பது, கீழே வழக்கமான சீமெந்து, அதன்மேல் சிவப்புச் சாயம் கலந்து தேய்ப்புக் கரண்டியால் இழுத்து மெருகேற்றிய சில மில்லிமீற்றர்த் தோல், அதற்கும் மேலே மெழுகு. முதலில் தரையில் ஒரு துளி நீர் விட வேண்டும். துளி உருண்டையாக நின்றால் மெழுகு இருக்கிறது. பரவி உறிஞ்சப்பட்டு, அந்த இடம் ஆழ்ந்த சிவப்பாக மாறினால், மெழுகு மட்டும் போயிருக்கிறது, தோல் நலமாக உள்ளது. நனைத்த பிறகும் வெளிறியே தெரிந்து, நகத்தால் வருடும்போது மணல்மணியாகத் தட்டுப்பட்டால் தோலே அரிக்கப்பட்டுவிட்டது என்று பொருள். எங்கள் கூடத்தில் நடுப்பகுதியில் மெழுகு மட்டும் போயிருந்தது, அமிலம் தேங்கிய வாசற்படியோரத்தில் தோலே அரிக்கப்பட்டிருந்தது.

நடுப்பகுதி மீண்டது. அமிலத்தின் எச்சம் போகும்வரை வெறும் நீரால் பலமுறை கழுவி, பழைய தும்புத்தடியால் மென்மையான சவர்க்கார நீர் தேய்த்து, மறுபடி கழுவி, முழுமையாக உலர விட வேண்டும். ஈரம் உள்ளே இருக்கையில் மெழுகு பூசினால் வெண்படலம் எழும். உலர்ந்தபின் மெழுகைத் துணியில் எடுத்து மிக மெல்லியதாகப் பூசி, அது இறுகிய பிறகு பொச்சு மட்டையாலோ மென்தூரிகையாலோ ஒரே திசையில் தேய்க்க வேண்டும். தடிப்பாக ஒருமுறை பூசுவதைவிட மெல்லியதாக இருமுறை பூசுவது நல்லது, ஏனெனில் தடித்த மெழுகு காலில் ஒட்டித் தூசியைப் பிடிக்கும், வழுக்கவும் செய்யும். வாசற்படியோரத்தை எந்த மெழுகும் மீட்காது. அங்கே மேசன் மேல்தோலை எடுத்துப் புதிதாக இழுக்க வேண்டும். அப்படிச் செய்தாலும் புதிய சிவப்பு பழைய சிவப்போடு ஒத்துப்போகாது. மாமியிடம் நான் இதைப் பற்றிக் கடிந்து பேசவில்லை. நான் இல்லாத இடத்தில் இருந்து முடிவெடுக்க வேண்டியிருந்தவர் அவர்.

ஆகவே ஸ்கிரப்பர் வகைகளில் மிகுந்த கவனம் வேண்டும். சமையல் பாத்திரம் துலக்கும் பச்சைத் துண்டு வெறும் நைலோன் வலை அன்று. அதில் அரைக்கும் துகள் ஒட்டப்பட்டிருக்கும். அது மெழுகுத் தரையையும் சலவைக்கல்லையும், பளபளப்பான குழாயையும் கீறும். துகள் இல்லாத வெள்ளைத் துண்டே அவற்றுக்கு ஏற்றது. இரும்புக் கம்பளி எந்தத் தரையிலும் வேண்டாம், உடைந்த இழைகள் ஈரத்தில் துருப்பிடித்துப் பழுப்புப் புள்ளிகளாக நிற்கும். டைல்ஸ் இடைவெளிகளுக்கு ஒடுங்கிய நைலோன் தூரிகை போதும், கம்பித் தூரிகை இட்டால் இடைநிரப்பி உதிரும்.

மொப் எதுவானாலும் கூட்டிய பிறகே தரையில் படலாம். மணலில் உள்ள படிகம் சீமெந்துத் தோலைவிடக் கடினமானது; ஈரத்துணிக்கு அடியில் அது சிக்கினால் ஒவ்வோர் இழுப்பும் ஒரு கீறல். பருத்தி நூல் மொப் நிறைய நீர் பிடிக்கும், சொரசொரப்பான இடத்திலும் நூல் சிக்காமல் ஓடும். புதியதில் பருத்தியின் இயல்பான மெழுகு இருப்பதால் ஓரிருமுறை சவர்க்காரத்தில் துவைத்த பிறகே நன்கு உறிஞ்சும். மைக்ரோபைபர் வழுவழுப்பான டைல்ஸுக்குச் சிறந்தது, குறைந்த நீரில் துடைக்கும், ஆனால் சொரசொரப்பில் இழை அறுந்துபோகும், துணி மென்மையாக்கியில் ஊறினால் உறிஞ்சும் தன்மையை இழக்கும். மெழுகுத் தரைக்கு இரண்டில் எதுவானாலும் பிழிந்து, ஈரம் பட்டதும் காயும் அளவிலேயே வைத்துத் துடைக்க வேண்டும்.

வைப்பரில் பார்க்க வேண்டியது அலகு ஒன்றையே. கடினமான ஒற்றை இறப்பர் அலகு கண்ணாடிக்கும் சமமான டைல்ஸுக்கும் உரியது. மேடுபள்ளமான கிணற்றடியில் அது பள்ளத்து நீரை விட்டுவிடும். அங்கே மென்மையான நுரை இறப்பரின் இரட்டை அலகு வளைந்து இறங்கி நீரை இழுக்கும். அலகின் விளிம்பை விரலால் தடவும்போது வட்டமாகத் தேய்ந்திருந்தால் நீர்க்கோடு விடும், மாற்றிவிட வேண்டும். வெயிலில் விட்ட இறப்பர் இறுகி வெடிக்கும் என்பதால் வைப்பரைக் கூரைக்கு உள்ளே தொங்க விடுங்கள்.

புறப்படும் முன் ஒவ்வொரு பிடியிலும் அழியாத மையால் ‘கூடம்’, ‘குளியலறை’, ‘கிணற்றடி’ என்று எழுதி, விளக்குமாறுகளையும் மொப்பையும் தரையில் ஊன்றாமல் ஆணியில் மாட்டிவிட்டு வாருங்கள். அமிலப் போத்தல் இருந்தால் அதைக் குளியலறைக்குள்ளேயே உயரத்தில் வைத்து, ‘சீமெந்தில் ஊற்றக் கூடாது’ என்று அதன்மேல் ஒட்டி, திறப்பை வாங்குகிறவரிடம் வாயாலும் சொல்லிவிடுங்கள்.