9 நிமிடத்தில் அணைந்த யுபிஎஸ்: பேட்டரி கணக்கைத் திருத்திய விதம்

6 கிலோவாட் லோடு 15 நிமிடம் தாங்க வேண்டும். 9 நிமிடத்திலேயே அணைந்தது. ஆம்பியர்-ஹவரை வோல்டால் பெருக்கியதுதான் பிழை. பேட்டரியில் எழுதிய அந்த அளவு, 20 மணி நேரம் மெதுவாக மின்சாரம் எடுத்தால்தான் கிடைக்கும்.

இம்முறை வாட்டில் கணக்கிட்டேன். இன்வெர்ட்டர் திறன் 93% என்பதால் பேட்டரி 6.45 கிலோவாட் தர வேண்டும். கொள்ளளவு 80 சதவீதமாகக் குறைந்தால் ஆயுள் முடிந்ததாகக் கொள்வார்கள். அந்த நாளிலும் 15 நிமிடம் நிற்க 1.25ஆல் பெருக்கினேன். அறை 20 டிகிரி. 25க்குக் கீழே கொள்ளளவு குறைவதால் இன்னொரு 1.06. மொத்தம் 8.55 கிலோவாட். 12 வோல்ட் பேட்டரி 16, அதாவது 96 செல். செல்லுக்கு 89 வாட். தயாரிப்பாளரின் வாட் அட்டவணையில், செல் 1.67 வோல்ட்டுக்கு இறங்கும்வரை 15 நிமிடம் இதற்குமேல் தரும் மாடலையே வாங்கினேன்.

யுபிஎஸ் வெளியேற்றும் சூடான காற்று படாத இடத்துக்கு பேட்டரி ரேக்கையும் நகர்த்தினேன். 25க்கு மேல் ஏறத்தாழ 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகிவிடும்.