பம்புக்கு ஆர்ஜினினா, சிட்ருலினா?

உடற்பயிற்சியின்போது தசையில் ரத்தம் நிறைந்து அது புடைத்து நிற்பதே பம்ப்; அதற்காகப் பலர் எடுக்கும் அமினோ அமிலங்கள்தான் ஆர்ஜினினும் சிட்ருலினும். தசைக்கு ரத்த ஓட்டத்தைக் கூட்டும் நைட்ரிக் ஆக்சைடை உடல் ஆர்ஜினினிலிருந்தே தயாரிக்கிறது என்றாலும், வாய்வழி உட்கொள்ளும் ஆர்ஜினினில் கணிசமான பங்கைக் குடலும் கல்லீரலும் முதலிலேயே சிதைத்துவிடுகின்றன. சிட்ருலின் அந்தச் சிதைவுக்குத் தப்பி, சிறுநீரகத்தில் ஆர்ஜினினாக மாறுவதால், ரத்தத்தில் ஆர்ஜினின் அளவை அதுவே நன்றாக உயர்த்துகிறது. ஆகவே இரண்டில் ஒன்றை வாங்குவதென்றால் சிட்ருலினே என் தேர்வு.

வழக்கமான அளவு, பயிற்சிக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பு, தூய எல்-சிட்ருலின் 3 முதல் 6 கிராம், அல்லது சிட்ருலின் மாலேட் 6 முதல் 8 கிராம். டப்பாவில் மாலேட் 2:1 என்றிருந்து, அது எடை விகிதமானால், 8 கிராமில் சிட்ருலின் சுமார் 5.3 கிராம்தான், எஞ்சியது மாலிக் அமிலம், அதனால்தான் அந்தப் புளிப்பு.

ஆர்ஜினினை ஒரே வேளையில் 9 கிராமுக்கு மேல் எடுக்கும்போது, உறிஞ்சப்படாத பகுதி குடலுக்குள் நீரை இழுப்பதால், வயிற்று இரைச்சலும் வயிற்றுப்போக்கும் பலருக்கு ஏற்படுகின்றன. சிட்ருலினில் இத்தொல்லை அரிது. மாலேட்டின் புளிப்பு வயிற்றைக் கலக்கினால் தூய வடிவத்துக்கு மாறி, 3 கிராமில் தொடங்கி, நிறைய தண்ணீரில் கரைத்து அருந்தலாம். பம்ப் சில மணி நேரத்தில் வடிந்துவிடும். அது தசை வளர்ச்சி அன்று.

நெஞ்சுவலிக்கான நைட்ரேட் மருந்து, ஆண்மை விறைப்புக் குறைபாட்டுக்கான சில்டெனாஃபில், ரத்த அழுத்த மாத்திரை ஆகியவற்றில் எதையேனும் எடுப்பவர்களுக்கு அழுத்தம் மேலும் இறங்கித் தலைசுற்றல் வரக்கூடும் என்பதால், அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடங்கக் கூடாது.