30 விநாடிக் கடன் விளம்பரம்: எழுதும்போது எங்கே சறுக்குகிறோம்?

கடன் செயலிக்கு 30 விநாடி விளம்பர வசனம் எழுதச் சொன்னால், பலரும் முதல் 15 விநாடியை ஒரு குடும்பக் கதைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும், அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார், செல்போன் ஒளிர்கிறது. வட்டி, கட்டணம், தவணை எல்லாம் கடைசி நான்கு விநாடியில் மூச்சுவிடாமல் ஓதப்படுகின்றன. தமிழில் நிதானமாகப் பேசினால் அரை நிமிடத்துக்கு ஏறக்குறைய 50 சொற்கள்தான் கொள்ளும். கதையா, கணக்கா என்பதை எழுத உட்காரும்போதே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

ஆனால் பெரிய தவறு வேகத்தில் இல்லை, 'மாதம் 2 சதவீதம் மட்டுமே' என்ற வரியில் இருக்கிறது. நம் ஊரில் இதைக் கேட்பவர் 'இரண்டு ரூபாய் வட்டி' என்று எடுத்துக்கொள்வார். ஊர் வழக்கில் இரண்டு ரூபாய் வட்டி என்றால், அசல் முழுவதும் கடைசிவரை வாங்கியவர் கையிலேயே இருக்கும். மாதாமாதம் வட்டியை மட்டும் கொடுப்பார். செயலிக் கடனில் தவணையோடு அசலும் மாதாமாதம் கரைகிறது. அப்படியிருந்தும் வட்டியை முதல் நாள் தொகைக்கே போட்டால், அதுதான் ஃபிளாட் வட்டி. திருப்பிக் கொடுத்துவிட்ட பணத்துக்கும் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று பொருள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடன் 30,000 ரூபாய், 6 மாதம், ஃபிளாட் வட்டி மாதம் 2 சதவீதம். மொத்த வட்டி 3,600. ஆகவே தவணை 5,600. செயல்முறைக் கட்டணம் 3 சதவீதம், அதாவது 900. அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 162. இவற்றைப் பிடித்துக்கொண்டு வங்கிக் கணக்கில் விழுவது 28,938 ரூபாய். கரையும் அசலை வைத்துப் பார்த்தால் வட்டி மட்டுமே ஆண்டுக்குச் சுமார் 40 சதவீதம். கட்டணத்தையும் சேர்த்தால் 53 சதவீதத்தைத் தாண்டுகிறது. 'இரண்டைப் பன்னிரண்டால் பெருக்கினால் 24' என்று மனக்கணக்குப் போட்டவருக்கு இது தெரிய வழியே இல்லை.

எல்லாச் செலவும் சேர்ந்த இந்த ஆண்டு விகிதத்தைக் கடனுக்கு முன் தரும் முக்கிய விவரத் தாளில் காட்ட வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் 2022 டிஜிட்டல் கடன் நெறிமுறைகளே சொல்லிவிட்டன. விளம்பரத்தில் 2, தாளில் 53 என்றால் நம் வசனம்தான் பொய்யாகத் தெரியும்.

'5 லட்சம் வரை, 1 சதவீதத்திலிருந்து' என்று எழுதுவது இன்னொரு சறுக்கல். அதிகபட்சத் தொகையும் குறைந்தபட்ச வட்டியும் ஒரே ஆளுக்குக் கிடைப்பது அரிது. பெரும்பாலோர் வாங்கும் தொகை ஒன்றை எடுத்து, அதையே முழுக்கச் சொல்லிவிடுவது நல்லது.

எண்களும் நேரத்தைத் தின்னும். 'இருபத்தெட்டாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு ரூபாய்' என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முழு எண் திரையில் நிற்கட்டும், குரல் சுருக்கிச் சொல்லட்டும். ஆனால் 'சுமார் 29 ஆயிரம்' என்று நமக்குச் சாதகமாகச் சுருக்கக் கூடாது. 'சற்றுக் குறைவு' என்ற இரண்டு சொல் போதும். ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்களும் உண்டு என்பதால், குரலில் வரும் ஒவ்வொரு எண்ணும் திரையில் படிக்கும் அளவில் இருக்க வேண்டும்.

'பிடிக்காவிட்டால் இலவசமாக ரத்து செய்யலாம்' என்ற வாக்குறுதியிலும் கவனம் தேவை. விலகுவதற்குக் குறைந்தது ஒரு நாளாவது தர வேண்டும் என்பது விதி, அபராதம் கிடையாது. ஆனால் அசலோடு அந்த நாட்களுக்கான வட்டியைக் கட்ட வேண்டும். முன்கூட்டியே தாளில் சொல்லியிருந்தால், செயல்முறைக் கட்டணத்தையும் நிறுவனம் வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பெயர் இலவசம் இல்லை.

தாமதக் கட்டணம் 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டு, மேலே போட்ட கணக்கையே வசனமாக்கினால் இப்படி வரும்:

"முப்பதாயிரம் ரூபாய் கடன், ஆறு மாதம். கட்டணம், ஜி.எஸ்.டி. போக உங்கள் கணக்குக்கு வருவது இருபத்தொன்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. மாதத் தவணை ஐயாயிரத்து அறுநூறு. மொத்தம் கட்டுவது முப்பத்து மூவாயிரத்து அறுநூறு. எல்லாச் செலவும் சேர்த்து ஆண்டு விகிதம் ஐம்பத்து மூன்று சதவீதத்துக்குச் சற்று மேல். தவணை தவறினால் ஒவ்வொரு முறையும் முந்நூறு ரூபாய் கூடுதல். கடன் தருவது இன்ன நிதி நிறுவனம். நாங்கள் இடையில் உள்ள செயலி."

கடைசி வரியை வெட்டச் சொல்வார்கள், விடாதீர்கள். தகராறு வந்தால் யாரிடம் போவது என்பது அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

எழுதி முடித்ததும், இந்தத் தொழிலில் இல்லாத ஒருவருக்கு ஒரே ஒரு முறை படித்துக் காட்டி, கைக்கு எவ்வளவு வரும் என்று கேளுங்கள். முப்பதாயிரம் என்று பதில் வந்தால் இரண்டாவது வாக்கியத்தைத் திருத்தி எழுத வேண்டும்.