விடுதிக்கு வீட்டுக் கணக்கில் பைப் போடாதீர்கள்

நான்கு மாடி விடுதி, மாடிக்கு 4 ஷவர், மொத்தம் 16. எல்லாவற்றுக்கும் மொட்டைமாடி டேங்கிலிருந்து ஒரே டவுன்டேக் பைப். ஒரு ஷவருக்கு நொடிக்கு 0.15 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

பெரும்பாலும் தவறு தொடங்குவது, ஒரு ஷவர் திறந்திருக்கும் நிகழ்தகவை அடுக்குமாடி வீட்டுக்கான அட்டவணையிலிருந்து எடுப்பதில்தான். அதை 0.1 என்று கொண்டால், ஈருறுப்புப் பரவல்படி 99 சதவீத நேரத்துக்கு 5 ஷவர் ஓடும் என்று வைத்தால் போதும். ஆனால் விடுதியில் காலை ஒரு மணி நேரத்துக்குள் ஒரு ஷவரில் 6 பேர் குளிக்கிறார்கள். ஆளுக்கு 5 நிமிடம் தண்ணீர் ஓடினால் 60-இல் 30 நிமிடம், அதாவது 0.5. இதே பரவல் இப்போது 13 ஷவர் என்கிறது. தேவை நொடிக்கு 0.75 லிட்டர் அல்ல, 1.95 லிட்டர்.

மாடிவாரியாக உச்சத்தைக் கணக்கிட்டுக் கூட்டுவதும் தவறு. ஒரு மாடியின் 4 ஷவரும் ஒன்றாகத் திறந்திருக்க 6 சதவீத வாய்ப்பு உண்டு. ஆகவே கிளைப் பைப்பை நான்குக்கும் சேர்த்தே போட வேண்டும். அதற்காக டவுன்டேக்குக்கு நான்கு நான்காகக் கூட்டி 16 என்று எடுப்பது முறையல்ல. முதலில் ஷவர் எண்ணிக்கையைக் கூட்டுங்கள், பிறகு நிகழ்தகவைப் போடுங்கள்.

அடுத்தது விட்டம். '40 மி.மீ.' என்று விற்கும் SDR 11 சிபிவிசி பைப்பின் உள்விட்டம் ஏறத்தாழ 33.8 மி.மீ.தான். பெயரளவை நம்பி 40 என்று போட்டால் வேகம் நொடிக்கு 1.55 மீட்டர் என்று வரும். உண்மையில் 2.17. வழக்கமான 2 மீட்டர் வரம்பை அது தாண்டிவிடுகிறது. 50 மி.மீ. பைப்பில் (உள்விட்டம் 44.2) வேகம் 1.27.

இங்கேயே நிறுத்திக்கொள்வதுதான் மேல்மாடிக்காரர்களைப் பாதிக்கும். "2.17-தானே, கொஞ்சம்தான் கூடுதல்" என்று 40-ஐயே போட்டுவிடுகிறார்கள். டேங்கின் அடி மொட்டைமாடித் தளத்திலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில், மேல்மாடி ஷவர் அதே தளத்துக்கு 0.9 மீட்டர் கீழே என்றால், கிடைக்கும் உயரம் 2.4 மீட்டர் மட்டுமே. மொட்டைமாடியில் வளைவு, வால்வு எல்லாம் சேர்த்து 15 மீட்டருக்கு இணையான நீளம் இருந்தால், ஹேசன்-வில்லியம்ஸ் கணக்கில் (C = 150) 40 மி.மீ. பைப் 2.1 மீட்டரை விழுங்கிவிடும். மிஞ்சும் 0.3 மீட்டரில் ஷவர் சொட்டத்தான் செய்யும். 50 மி.மீ. பைப் என்றால் இழப்பு 0.57 மீட்டர். 1.8 மீட்டர் மிஞ்சும், அதில்தான் கிளைப் பைப்பின் இழப்பையும் அடக்க வேண்டும். கீழ்மாடியில் நன்றாக வந்து மேல்மாடியில் மட்டும் காலையில் தேய்ந்தால், முதலில் இந்த மொட்டைமாடிப் பகுதியைப் பாருங்கள்.

மேல்மாடிக் கிளையைத் தாண்டியபின் மிச்சம் 12 ஷவர். உச்சம் 10, தேவை 1.5 லிட்டர். அங்கே உயரமும் 3 மீட்டர் கூடுவதால் 40 மி.மீ. பைப் (வேகம் 1.67) போதும்.

ஈருறுப்புக் கணக்கு ஒவ்வொருவரும் தனித்தனியாக வருகிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறது. தண்ணீர் நின்று திரும்பி வந்தால் அது பொய்த்து, 16-உம் ஒன்றாகத் திறக்கும். ஆகவே கடைசியாக 2.4 லிட்டருக்கும் சரிபாருங்கள். மேலே போட்ட 50 மி.மீ. பைப்பில் அப்போதும் வேகம் 1.56 மீட்டர்தான்.