ஃப்ளோரைடு மின்வாய்: நேர்கோடு சரி, விடை தப்பு

கிணற்று நீரில் உள்ள ஃப்ளோரைடை மின்வாயால் அளக்கப் புதிதாகப் பழகுகிறவர்கள் செய்யும் தவறுகளைப் பற்றிச் சொல்கிறேன். மின்வாயைக் கழுவ மறப்பது, லேபிள் மாற்றி ஒட்டுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை தானாகவே திருந்திவிடும். திருந்தாதது ஒன்று உண்டு.

வடிநீரில் ஸ்டாண்டர்டு, உப்புநீரில் சாம்பிள்

தொண்டியில் இருந்து கீழக்கரை வரை கடலோரக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் உவர்ப்பாகத்தான் இருக்கும். புதிதாக வருகிறவர்கள் உப்பளவைச் சமப்படுத்தும் டிஸாப் கரைசலைச் சேர்க்காமல், வடிநீரில் கரைத்த சோடியம் ஃப்ளோரைடை ஸ்டாண்டர்டாக வைத்து அளவீட்டுக் கோடு போடுகிறார்கள். "சார், R² 0.9998 வந்திருக்கு" என்று பெருமையாகக் காட்டுவார்கள். எனக்கு எரிச்சல் வருவது அங்கேதான். அந்த எண் ஸ்டாண்டர்டுகளுக்குத் தரும் சான்றிதழ். கிணற்று நீரைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

மின்வாய்க்குத் தெரிவது ஃப்ளோரைடின் செறிவு அல்ல, செயல்திறன்; அதாவது கரைசலில் அது எவ்வளவு செறிவுபோல நடந்துகொள்கிறது என்பது. உப்பு கூடினால் செறிவு அப்படியே இருக்க, செயல்திறன் குறையும். ஒரு கணக்கு பாருங்கள். வடிநீர் ஸ்டாண்டர்டுகளில் கிடைத்த கோடு:

```
E = 95 − 58 log C
```

C லிட்டருக்கு மில்லிகிராம், E மில்லிவோல்ட். லிட்டருக்கு 3 கிராம் உப்பு உள்ள கிணற்று நீரில் உண்மையான ஃப்ளோரைடு 1.8 என்று வைத்துக்கொள்வோம். கோட்டின்படி 80 காட்ட வேண்டும். ஆனால் செயல்திறன் சுமார் 0.82 மடங்குதான், அதனால் மீட்டர் 85 காட்டும். கோட்டில் போட்டால் விடை 1.49. குடிநீருக்கான இந்தியத் தரத்தில் வேறு ஆதாரம் இல்லாதபோது அனுமதிக்கும் உச்சம் 1.5. ஆக, கூடாத தண்ணீர் 'பாஸ்' ஆகிவிட்டது! வெறும் 5 மில்லிவோல்ட்; மடக்கையில் ஒரு மில்லிவோல்ட்டே 4 சதவீதம். நீரில் உள்ள மக்னீசியமும் கொஞ்சம் ஃப்ளோரைடைப் பிடித்துக்கொள்ளும், அளவு இன்னும் இறங்கும்.

இதற்காகத்தான் டிஸாப். அதில் உள்ள ஏராளமான உப்பு எல்லாக் குடுவைகளையும் ஏறக்குறைய ஒரே உப்பளவுக்குக் கொண்டுவரும், அசிட்டேட் பி.எச்.சை 5 முதல் 5.5க்குள் நிறுத்தும், அலுமினியமும் இரும்பும் பிடித்து வைத்த ஃப்ளோரைடை, அந்த உலோகங்களைத் தானே பற்றிக்கொள்ளும் சிடிடிஏ விடுவிக்கும். ஸ்டாண்டர்டு, சாம்பிள் இரண்டிலும் ஒரே பங்கு, பாதிக்குப் பாதி. ஒன்றில் மட்டும் ஊற்றுவது ஊற்றாததைவிட மோசம்.

சந்தேகமா? 50 மில்லி சாம்பிளில் 100 மி.கி./லி. ஸ்டாண்டர்டு அரை மில்லி விடுங்கள். விடை கிட்டத்தட்ட 1 கூட வேண்டும். 0.8தான் கூடுகிறது என்றால் உங்கள் கோட்டில் அந்தத் தண்ணீரை அளக்க முடியாது. டிஸாப் சேர்த்தும் இதே கதை என்றால், ஸ்டாண்டர்டையும் அதே அளவு உப்புநீரில் தயாரியுங்கள்.

கோட்டின் கீழ்முனை

கடைசி ஸ்டாண்டர்டுக்குக் கீழே கோட்டை நீட்டாதீர்கள், அங்கே அது வளையும்.

ஃபிரிட்ஜ்

ஸ்டாண்டர்டும் சாம்பிளும் ஒரே வெப்பநிலைக்கு வரட்டும்.

குமிழி

மின்வாயின் நுனியில் உள்ள படிகத்தின் அடியில் ஒட்டினால் மீட்டர் நிலைக்காது. தட்டிவிட்டு மறுபடி படியுங்கள்.